வகுப்பறை மேலாண்மை மாட்யூலுக்குக் கற்றல் விளைவும் அளவுகோலும் எழுதுவது எப்படி?

கேள்வி: பெங்களூரில் ஒரு தனியார் பள்ளிக் குழுமத்தின் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு வகுப்பறை மேலாண்மை பற்றி 12 மணி நேர மாட்யூல் எழுதச் சொன்னார்கள். ப்ளூம் வினைச்சொல் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டு கற்றல் விளைவுகள் எழுதினேன். "வகுப்பறை மேலாண்மையின் முக்கியத்துவத்தை விளக்குவார்", "ஒழுங்கான கற்றல் சூழலைத் திறம்பட உருவாக்குவார்" என்ற மாதிரி. மதிப்பீட்டில் "வகுப்பு அமைதியாக இருத்தல் – 10 மதிப்பெண்" என்று போட்டிருந்தேன். எல்லாவற்றையும் அளக்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். எங்கே தவறு?

பதில்: நீங்கள் காட்டிய இரண்டு விளைவுகளிலும் குறை ஒன்றல்ல, வேறு வேறு. முதலாவதை அளக்க முடியும். ஒரு தாளைக் கொடுத்து விளக்கச் சொன்னால் எல்லோரும் விளக்கிவிடுவார்கள். ஆனால் முக்கியத்துவத்தை அழகாக விளக்கியவர் மறுநாள் நான்காம் வகுப்புக்குள் போய் என்ன செய்வார் என்பது அந்தத் தாளிலிருந்து தெரியாது. இரண்டாவது, நமக்கு வேண்டியதைத்தான் சொல்கிறது. ஆனால் "திறம்பட" என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் ஒளித்துவைத்திருக்கிறது. வினைச்சொல்லை மாற்றினால் இரண்டும் சரியாகாது.

ப்ளூம் பட்டியலின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1956இல் பெஞ்சமின் ப்ளூமும் கூட்டாளிகளும் கற்றல் நோக்கங்களின் வகைப்பாட்டை வெளியிட்டதற்குப் பின்னால் இருந்தது தேர்வுக் கேள்விகளை வகைப்படுத்தும் தேவை. 2001இல் திருத்திய வடிவமும் அறிவு சார்ந்த செயல்களைப் பற்றியதுதான். 38 குழந்தைகள் முன்னால் நின்றுகொண்டு அந்தந்த நொடியில் முடிவெடுக்கும் வேலைக்கு அது பாதித் துணைதான். உங்களுக்கு அதைவிட உதவுவது ராபர்ட் மேகர் 1962இல் சொன்ன மூன்று கேள்விகள். கற்பவர் என்ன செய்வார்? எந்தச் சூழ்நிலையில் செய்வார்? எவ்வளவு நன்றாகச் செய்தால் போதும்? நம் ஊரில் எழுதப்படும் விளைவுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது நடுவில் உள்ள சூழ்நிலைதான். வகுப்பறை மேலாண்மையில் அதை விட்டால் எதுவும் மிஞ்சாது. பழகிய வகுப்பா, வேறொருவருக்குப் பதிலாகப் போன வகுப்பா, எத்தனை குழந்தைகள், காலை முதல் பாடவேளையா, சாப்பாட்டுக்குப் பிறகா என்பதைப் பொறுத்து அதே செயலின் கடினம் மாறிவிடுகிறது.

அடுத்து, அந்த அமைதிக்கான 10 மதிப்பெண். உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் அளக்க முடியாது என்று சொன்னது அங்கே பொருந்தாது. டெசிபல் கருவி வைத்தால் அளந்துவிடலாம். சிக்கல், அது ஆசிரியரின் செயல் அல்ல என்பதுதான். வராந்தாவில் தலைமையாசிரியர் நடந்தால் வகுப்பு அமைதியாகும். பின் பெஞ்சில் கோப்போடு ஒரு புதிய ஆள் வந்து உட்கார்ந்தாலே அமைதியாகும், அதாவது மதிப்பிட நீங்கள் போனதே மதிப்பெண்ணைத் தூக்கிவிடும். பெங்களூர் வகுப்பு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு பேசும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். ஆங்கிலத்தில் சொன்ன கணக்கை ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்குத் தமிழில் விளக்கும் சத்தம் வேலை நடக்கிற சத்தம். அதற்கு மதிப்பெண் குறைத்தால், பயிற்சி ஆசிரியர் கற்றுக்கொள்வது பிள்ளைகளை வாய் மூட வைக்கும் வித்தையை மட்டும்தான்.

இதில் ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வு உங்கள் வேலைக்கு நேரடியாக உதவும். குறும்பு செய்யும் மாணவரை ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார், அதற்கு வகுப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் அவர் முதலில் தேடினார். பல வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து பார்த்தபோது, கண்டிக்கும் விதத்துக்கும் வகுப்பின் நடத்தைக்கும் உருப்படியான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. சீராக நடந்த வகுப்புகளின் ஆசிரியர்கள் வேறுபட்டது அதற்கு முந்தைய கட்டத்தில். எந்த மூலையில் என்ன நடக்கிறது என்பது தங்களுக்குத் தெரியும் என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனித்தார்கள். பாடத்தின் ஓட்டத்தைத் தாங்களே அறுத்துக்கொள்ளவில்லை. இது 1970இல் வெளியானது. பழைய ஆய்வு, அமெரிக்க வகுப்பறை, அங்கிருந்த எண்ணிக்கை வேறு. அதனால் ஒவ்வொரு வரியையும் இங்கே அப்படியே ஒட்டச் சொல்லமாட்டேன். ஆனால் அளவுகோல் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு அதன் திசை போதும். குறும்புக்குப் பிறகு நடப்பதைவிட, குறும்புக்கு இடம் கிடைக்கும் முன் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில் நம் கண் இருக்க வேண்டும்.

12 மணி நேரத்துக்கு எட்டு விளைவுகள் அதிகம். மூன்று போதும், நான்கு என்றால் எல்லை. அதில் ஒன்றை மட்டும் இங்கே முழுதாக எழுதிக் காட்டுகிறேன். மற்றவற்றை இதே வழியில் நீங்களே எழுதிவிடலாம். நான் எடுப்பது, முழு வகுப்புக்கும் போர்டில் விளக்கிக்கொண்டிருந்த ஆசிரியர் பிள்ளைகளை இருவர் இருவராக வேலை செய்ய விடும் அந்த இடம். பயிற்சிக்காரர்கள் ட்ரான்சிஷன் என்பார்கள், நான் மாற்றம் என்றே எழுதுகிறேன். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ஒரு பாடவேளையில் இது பலமுறை வரும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும். வகுப்பு கையைவிட்டுப் போவது பெரும்பாலும் இங்கேதான். அதோடு, இது சொல்லிக்கொடுத்தால் மாறுகிற திறமை.

முதல் வரைவில் எல்லோரும் எழுதுவது "செயல் மாற்றங்களைத் திறம்பட நிர்வகிப்பார்" என்றுதான். சரி, அந்தத் "திறம்பட" என்ற சொல்லை உடைப்போம். அதற்கு நான் கேட்பது ஒரே கேள்வி: வகுப்பின் பின்சுவரில் சாய்ந்து நிற்கிறேன், இதை நன்றாகச் செய்கிறவர் என்ன செய்வதைப் பார்ப்பேன், என்ன சொல்வதைக் கேட்பேன்? பேச்சு அடங்கும்வரை அவர் இன்ஸ்ட்ரக்ஷனைத் தொடங்கமாட்டார். பேப்பரோ வேறு பொருளோ கொடுக்கும் முன்பே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடித்துவிடுவார். கையில் பேப்பர் வந்த பிறகு எந்த எட்டு வயதுப் பிள்ளையும் காதைக் கொடுக்காது. சொல்வது இரண்டு மூன்று படிகளுக்குள் இருக்கும். எவ்வளவு நேரம், முன்னதாக முடித்தவர் என்ன செய்வது என்பதும் அதில் இருக்கும். ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். தொடங்கலாம் என்று சொன்ன பிறகு எந்த ஜோடியிடமும் உடனே குனியமாட்டார். நிமிர்ந்து நின்று வகுப்பு முழுவதையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். தொடங்காமல் இருப்பவர்களிடம் முதலில் போவார், பிறகுதான் சந்தேகம் கேட்டவர்களிடம்.

இதையெல்லாம் விளைவுக்குள்ளேயே திணித்தால் ஆறு வரி வாக்கியமாகும், யாரும் படிக்கமாட்டார்கள். விளைவு என்ன செய்வார் என்று சொல்லட்டும். எவ்வளவு நன்றாக என்பதை அளவுகோல் சொல்லட்டும். அதனால் விளைவு இப்படி நிற்கும்: "தான் வழக்கமாகப் பாடம் எடுக்கும், 30 அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ள வகுப்பில், முழு வகுப்புக் கற்பித்தலிலிருந்து இருவர் பணிக்கு மாறும்போது, பயிற்சி ஆசிரியர் தெளிவான இன்ஸ்ட்ரக்ஷன் தந்து, பணி தொடங்குவதைக் கவனித்து, தொடங்காதவர்களை அடையாளம் கண்டு உதவுவார்." 30 என்பதை நான் சும்மா போடவில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை தொடக்கநிலையில் ஓர் ஆசிரியருக்கு 30 குழந்தைகள் என்ற விகிதத்தைத்தான் சொல்கிறது. உங்கள் பள்ளிகளில் வகுப்புக்கு 25 பேர்தான் என்றால் அந்த எண்ணைப் போடுங்கள். எது உண்மையான சூழ்நிலையோ அது வர வேண்டும்.

அந்த வாக்கியத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். "எல்லாக் குழந்தைகளும் உடனே பணியைத் தொடங்குவார்கள்" என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதினால் பழைய அமைதி மதிப்பெண்ணே வேறு சட்டை போட்டுத் திரும்பிவரும். முந்தைய பாடவேளையில் விளையாட்டு மைதானத்தில் இருந்துவிட்டு வந்த வகுப்பில் நான்கு பேர் தொடங்காமல் இருப்பது ஆசிரியரின் குற்றம் ஆகாது. அந்த நான்கு பேரை அவர் பார்த்தாரா என்பதுதான் அவருடைய வேலை. பிள்ளைகளின் நடத்தை சாட்சியாக வரலாம், மதிப்பெண்ணாக வரக் கூடாது.

இனி அளவுகோல். இந்த விளைவுக்கு நான் நான்கு வரிகள் வைப்பேன்: இன்ஸ்ட்ரக்ஷன் தருவது, புரிந்ததா என்று சரிபார்ப்பது, தொடக்கத்தைக் கவனிப்பது, தொடங்காதவர்களை அணுகுவது. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள் போதும். "இன்னும் வரவில்லை", "போதும்", "நன்று". எழுதும்போது நடு நிலையை முதலில் எழுதுங்கள். தேர்ச்சி என்றால் என்ன என்று முடிவான பிறகுதான் அதற்குக் கீழும் மேலும் என்ன என்று சொல்ல முடியும். மேலிருந்து தொடங்கினால் "நன்று" நிலையில் ஒரு மகானை வர்ணித்துவிட்டு, அவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வருவோம்.

இன்னொரு பொறி, நிலைகளைச் சில நேரம், பெரும்பாலும், எப்போதும் என்று பிரிப்பது. பார்க்க நேர்த்தியாக இருக்கும், பயன்படுத்தினால் கைகொடுக்காது. 15 நிமிடம் பார்த்தவருக்குப் "பெரும்பாலும்" எது, "எப்போதும்" எது என்று எப்படித் தெரியும்? நிலைகள் அளவில் அல்ல, செயலின் தன்மையில் மாற வேண்டும். சரிபார்க்கும் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்கிறார், வகுப்பு "யெஸ் மிஸ்" என்று கோரஸாகப் பாடுகிறது, அவர் நகர்ந்துவிடுகிறார். இது "இன்னும் வரவில்லை". அந்தக் கோரஸ் எந்தக் கேள்விக்கும் வரும். ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து, முதலில் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டு, அந்தப் பிள்ளை தன் வார்த்தையில் சொல்வதைக் கேட்கிறார். இது "போதும்". அந்தப் பிள்ளை தப்பாகச் சொல்லும்போது, பிள்ளையைத் திருத்துவதோடு நிற்காமல் தன் இன்ஸ்ட்ரக்ஷனில் எது குழப்பியது என்று கண்டுபிடித்து அதை எல்லோருக்கும் மாற்றிச் சொல்கிறார். இது "நன்று". மூன்றும் மூன்று வேறு செயல்கள். பார்ப்பவர் எண்ண வேண்டியதில்லை, எது நடந்தது என்று குறித்தால் போதும்.

இப்போது ஒரு பாடவேளையை இதில் போட்டுப் பார்ப்போம். நான்காம் வகுப்பு, கணக்கு, பின்னம். ஆசிரியை போர்டில் அரை, கால் விளக்கிவிட்டு, காகிதத்தை மடித்து எட்டில் ஒரு பங்கு காட்டும் வேலைக்கு மாறுகிறார். முதலில் காகிதத்தை விநியோகிக்கிறார். சலசலப்பு எழுகிறது. அதற்கு மேல் குரலை உயர்த்தி மடிக்கும் முறையைச் சொல்கிறார், மூன்று முறை சொல்கிறார். "அண்டர்ஸ்டுட்?" என்கிறார், "யெஸ் மிஸ்" வருகிறது. முன் இரண்டு வரிசை தொடங்குகிறது. இரண்டாவது பெஞ்சில் ஒரு ஜோடி கூப்பிட, அங்கே குனிந்து இரண்டு நிமிடம் சொல்லித்தருகிறார். அவர் முதுகு ஜன்னல் வரிசைக்கு. அங்கே மூன்று பேர் ராக்கெட் மடித்துவிட்டார்கள். ஒன்று பறந்து வந்து போர்டில் இடிக்கிறது. அவர் அங்கே போகிறார், கத்தவில்லை. ராக்கெட்டைப் பிரித்து மேஜையில் நீவி, "இதில் முதல் மடிப்பு எங்கே? அதிலிருந்து எட்டு வருமா பார்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு நிற்கிறார். மூவரும் தொடங்குகிறார்கள்.

பழைய தாளில் இதற்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஒருவர் "வகுப்பு கட்டுப்பாட்டில் இல்லை" என்று மூன்று போடுவார், இன்னொருவர் "அன்பாக நடந்துகொண்டார், பிள்ளைகள் ஈடுபாட்டோடு இருந்தார்கள்" என்று எட்டு போடுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. புதிய தாளில் இன்ஸ்ட்ரக்ஷன், சரிபார்ப்பு, கவனிப்பு மூன்றும் "இன்னும் வரவில்லை". தொடங்காதவர்களை அணுகுவது "போதும்", என் கணக்கில் "நன்று" பக்கம் சாய்கிறது. பிள்ளை செய்துவைத்த பொருளையே பாடத்துக்குத் திருப்பினாரே! அதைவிடப் பெரிய பயன், அவருக்கு என்ன சொல்வது என்பது தாளிலேயே தெரிகிறது. "வகுப்பைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் அவர் அடுத்த முறை குரலை இன்னும் உயர்த்துவார். "அடுத்த பாடத்தில் காகிதத்தைக் கடைசியில் கொடுங்கள், கொடுத்த பிறகு ஒரு சுற்று முழுவதையும் பார்க்காமல் குனியாதீர்கள்" என்று சொன்னால் அவர் நாளைக்கே செய்யலாம்.

மதிப்பெண்ணுக்குள் வரவே கூடாத ஒன்று இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, குழந்தைக்கு உடல் தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கூடாது என்கிறது. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை என்றும் அதே பிரிவு சொல்கிறது. பல மாட்யூல்களில் "நேர்மறை ஒழுங்குமுறையைப் பின்பற்றுதல் – 5 மதிப்பெண்" என்று ஒரு வரி இருக்கும். அதன் பொருள் என்ன? ஒரு பிள்ளையின் காதைத் திருகியவர் மற்ற வரிகளில் நன்றாகச் செய்தால் 95 வாங்கித் தேர்ச்சி பெறலாம் என்பதுதான். இதை நுழைவாயிலாக வையுங்கள். நடந்தால் அன்று வகுப்பைப் பார்த்துச் செய்த மதிப்பீடு தேர்ச்சி ஆகாது, மற்ற வரிகளைக் கூட்டவே வேண்டாம். எவை அடங்கும் என்பதையும் பார்க்கக்கூடிய சொற்களில் எழுதுங்கள்: அடிப்பது, கிள்ளுவது, காதைத் திருகுவது, முட்டிபோட வைப்பது, பெஞ்சு மேல் ஏற்றுவது, வீட்டையோ சாதியையோ உடலையோ சொல்லிக் கேலி செய்வது. நம் ஊருக்கு இன்னொன்று சேருங்கள். வகுப்பில் தமிழோ கன்னடமோ உருதுவோ பேசியதற்காகப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவது. "இங்கிலீஷ் ஒன்லி" பேட்ஜைக் கழுத்தில் மாட்டுவதை ஒழுங்கு என்று இன்னும் நினைக்கும் இடங்கள் உண்டு.

அதே மூச்சில் அந்த வாயிலின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது யாரும் கை ஓங்கமாட்டார்கள். ஆகவே அதைத் தாண்டியவர் அடிக்காதவர் என்று உங்கள் சான்றிதழ் சொல்ல முடியாது, அப்படி ஒரு வாக்கியத்தைச் சேர்க்கவும் கூடாது. மதிப்பிடுபவர் அப்படி ஒன்றைப் பார்த்தால் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதைப் பயிற்சி தொடங்கும் நாளிலேயே எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எந்தச் சான்றைக் கொண்டு மதிப்பிடுவது என்பது அடுத்தது. விளைவு, கற்பிக்கும் முறை, மதிப்பீடு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று ஜான் பிக்ஸ் 1996இல் எழுதினார். கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆனால் விளைவில் "நடத்துவார்" என்று எழுதிவிட்டு மதிப்பீட்டில் 20 ஒரு மதிப்பெண் கேள்விகள் வைப்பதுதான் இன்றும் நடக்கிறது. பிரிவு 17 தெரியுமா என்று பார்க்கக் கேள்வித்தாள் சரி. மாற்றத்தை நடத்தத் தெரியுமா என்று பார்க்க வகுப்பறைக்குத்தான் போக வேண்டும்.

பி.எட். படித்த எல்லோருக்கும் பழக்கமான நுண்ணிலைக் கற்பித்தலைச் சிலர் இதற்கு மாற்றாக வைப்பார்கள். சக ஆசிரியர்களே பிள்ளைகளாக உட்கார்ந்து பத்து நிமிடப் பாடம் கேட்பது. இன்ஸ்ட்ரக்ஷன் தருவதைப் பழகிப்பார்க்க அது அருமையான இடம். ஆனால் மூன்றாவது வரியான கவனிப்பை அதில் மதிப்பிட முடியாது. பெரியவர்கள் பிள்ளைகளாக நடித்தால் ஒன்று சொன்னபடி கேட்பார்கள், இல்லையென்றால் சினிமாவில் வரும் வாண்டுகளைப் போல அட்டகாசம் செய்வார்கள். நிஜப் பிள்ளைகளின் குறும்பு இவ்வளவு வெளிப்படையாக இருக்காது. பென்சிலைக் கூர்தீட்டிக்கொண்டே ஐந்து நிமிடம் ஓட்டுவார்கள். அதைப் பிடிக்கிற கண்ணுக்குத்தான் நாம் மதிப்பெண் போடுகிறோம்.

அதனால் நான் சொல்வது, நுண்ணிலையை மாட்யூலுக்குள் பயிற்சியாக வையுங்கள். மதிப்பீட்டுக்கு வெவ்வேறு நாட்களில் இரண்டு நேரடிப் பார்வைகள் வையுங்கள். ஒவ்வொன்றும் 15 நிமிடம் போதும், அதற்குள் ஒரு மாற்றமாவது வரும்படி பயிற்சி ஆசிரியரே நேரம் சொல்லட்டும். பாடத் திட்டத்தில் மாற்றம் வரும் இடத்தை அவர் முன்பே குறித்துக் கொடுக்க வேண்டும். பார்ப்பவர் முதலில் நேரமும் நடந்ததும் மட்டும் எழுதட்டும், "10:12, காகிதம் கொடுக்கிறார், இன்ஸ்ட்ரக்ஷன் இன்னும் இல்லை" என்பது போல. நிலையைப் பாடம் முடிந்த பிறகு போடட்டும். பார்க்கும்போதே நிலை போட்டால் மிச்ச நேரமெல்லாம் அந்த நிலைக்கு ஆதாரம் தேடுவோம். போனில் வீடியோ எடுத்துவைத்தும் பார்க்கலாம். பிள்ளைகள் படத்தில் வருவார்கள் என்பதால் பெற்றோரின் சம்மதமும், பதிவு யாரிடம் இருக்கும், எப்போது அழிப்பீர்கள் என்ற எழுத்துப்பூர்வமான ஏற்பாடும் முதலில் வேண்டும்.

பாடம் முடிந்த அன்றே ஒரு பத்து நிமிடப் பேச்சு வையுங்கள். இதை மதிப்பீட்டின் பகுதியாகவே எழுதுங்கள், ஏனென்றால் கவனித்தாரா என்பது வெளியிலிருந்து முழுக்கத் தெரியாது. சில ஆசிரியர்கள் பார்த்துவிட்டு வேண்டுமென்றே விடுவார்கள். ஒரு பையன் இரண்டு நிமிடம் ஜன்னலைப் பார்த்துவிட்டுத் தானாக வேலைக்குத் திரும்புவான் என்று அவர்களுக்குத் தெரியும். பார்க்கவே இல்லாதவரும் அதே மாதிரிதான் தெரிவார். "ஜன்னல் வரிசையில் என்ன நடந்தது?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். முதலாமவர் பையனின் பெயரோடு சொல்வார். இரண்டாமவர் "எல்லோரும் நன்றாகச் செய்தார்கள்" என்பார்.

தாள் தயாரானதும் நேரே களத்துக்கு அனுப்பாதீர்கள். மதிப்பிடப்போகிற இரண்டு மூன்று பேரை உட்கார வைத்து, ஏழெட்டு நிமிட வகுப்பறை வீடியோ ஒன்றைக் காட்டி, பேசிக்கொள்ளாமல் நிலை போடச் சொல்லுங்கள். பிறகு வரி வரியாக ஒப்பிடுங்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே சொல்லைத் திருத்துங்கள், ஆளைத் திருத்தப் பார்க்காதீர்கள். "தகுந்த", "உரிய நேரத்தில்", "மரியாதையுடன்" என்ற சொற்களில்தான் பெரும்பாலும் பிரிவார்கள். குரலின் தொனி பற்றிய வரியை எத்தனை முறை எழுதினாலும் ஒத்துப்போகமாட்டார்கள். ஒருவருக்குக் கண்டிப்பாகப் படுவது இன்னொருவருக்கு உரிமையாகப் படும். அதை மதிப்பெண்ணிலிருந்து எடுத்துவிட்டுப் பின்னூட்டத்தில் மட்டும் வைப்பது என் வழக்கம்.

இதில் எதை நான் உறுதியாகச் சொல்வேன், எதில் தயங்குவேன் என்று கேட்டால், சட்டப் பிரிவும், ஆசிரியரின் செயலைத்தான் அளக்க வேண்டும் என்பதும், காகிதத்துக்கு முன்னால் இன்ஸ்ட்ரக்ஷன் என்பதும் உறுதி. மூன்று நிலையா நான்கா என்பது ரசனை. நான்கு வைத்தால் நடுவில் ஒளிந்துகொள்ள முடியாது என்பார்கள், அதிலும் நியாயம் உண்டு. மாற்றம் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்று எண் போடச் சிலர் சொல்வார்கள், நான் போடமாட்டேன். நகர்த்த முடியாத நீள பெஞ்சு வகுப்பும் வட்ட மேஜை வகுப்பும் ஒரே நேரம் எடுக்காது. இரண்டு பார்வையில் தேர்ச்சி பெற்றவர் அடுத்த ஆண்டு வேறு வகுப்பில் எப்படி இருப்பார் என்பதையும் இந்தத் தாள் சொல்லாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மாற்றம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தனியாகச் சொல்லவேண்டியிருக்கும், அவருக்குக் கூடுதல் நேரமும் தேவைப்படும். ஆகவே "அனைவரையும் ஒரே மாதிரி நடத்துவார்" என்று எங்கும் எழுதாதீர்கள். இதெல்லாம் தொடக்கநிலைக்கு எழுதியது. 11, 12ஆம் வகுப்புக்குப் பாடவேளையின் வேறு துண்டை எடுக்க வேண்டும்.

உங்கள் எட்டில் முக்கியத்துவத்தை விளக்குவது, வரையறுப்பது, பட்டியலிடுவது எல்லாம் விளைவிலிருந்து போகட்டும். முதல் மணி நேரப் பாடப்பொருளாக அவை இருந்தால் போதும். மாற்றத்தை நடத்துவது ஒன்று, முதல் வாரத்தில் வகுப்பு வழக்கங்களைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது ஒன்று, சின்னக் குறும்பைப் பாடத்தின் ஓட்டம் அறாமல் கையாள்வது ஒன்று என மூன்றாக அனுப்புங்கள், ஒவ்வொன்றோடும் அதன் அளவுகோல் தாளையும் இணைத்து. வெறும் விளைவை மட்டும் அனுப்பினால் மறுபடியும் திருப்புவார்கள், பார்க்கிறவருக்கு எப்படி அளப்பீர்கள் என்று தெரியாதே. ஒரு வகுப்பு வீடியோவில் நீங்களே நிலை போட்ட தாள் ஒன்றையும் மாதிரியாகச் சேர்த்தால் இன்னும் நல்லது. பயிற்சி ஆசிரியர்களுக்கும் அதே தாளை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். மூத்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பை அதை வைத்து அவர்களே மதிப்பிட ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், 12இல் அந்த ஒன்றை வேறெதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.